ராத்திரி பத்து மணிக்குச் சுடும் சுவர்: நகர இரவுகள் ஏன் குளிர்வதில்லை?

நான் படுக்கும் அறையின் மேற்குச் சுவர் கோடையில் ராத்திரி பத்து, பத்தரை மணிக்குத்தான் அதிகமாகச் சுடும். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்பக்கம் கை வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வந்து படுக்கும்போது முதுகு சுவரில் பட்டால், இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த துணியைத் தொட்டதுபோல் இருக்கும். வெயில் போய் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. சுவருக்கு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

அது அன்று மாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே அடித்த வெயில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கத்தில் விழும் சூடு உள்பக்கம் வந்து சேர ஏறக்குறைய ஆறேழு மணி நேரம் ஆகும். நாம் தூங்கப்போகும் நேரமும் அது வந்து சேரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. இந்த ஒரு சுவரை லட்சக்கணக்கான சுவர்களாலும் கூரைகளாலும் தார்ச்சாலைகளாலும் பெருக்கிப் பாருங்கள். நகர வெப்பத் தீவு என்று சொல்வதில் பெரும்பகுதி அதுதான். சம வெப்பக் கோடுகளை வரைபடத்தில் போட்டால், குளிர்ந்த வயல்வெளிக்கு நடுவே நகரம் கடலில் ஒரு தீவு நிற்பதுபோல் தெரியும். பெயர் அப்படி வந்தது.

நகரத்தில் வண்டி அதிகம், ஏசி அதிகம், மரம் குறைவு, அதனால் சூடு என்றுதான் பலர் சொல்கிறார்கள். தவறில்லை. ஆனால் அந்தக் காரணங்கள் எல்லாம் பகலிலும் இருக்கின்றனவே? வண்டிகள் பகலில்தான் அதிகம். அப்படியானால் நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் மத்தியானம்தானே உச்சத்தில் இருக்க வேண்டும்? அப்படி இருப்பதில்லை. இதை இருநூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் அளந்து காட்டிவிட்டார்.

லண்டனில் மருந்துப் பொருள்கள் தயாரிக்கும் தொழில் நடத்தியவர் லூக் ஹோவர்ட். மேகங்களுக்கு இன்றும் நாம் பயன்படுத்தும் லத்தீன் பெயர்களை வைத்தவரும் அவர்தான். லண்டனுக்கு வெளியே தன் வீட்டில் வெப்பமானி வைத்துத் தினமும் குறித்துக்கொண்டார். நகரத்துக்குள் ராயல் சொசைட்டி வைத்திருந்த வெப்பமானியின் கணக்கோடு அதை ஒப்பிட்டார். 1818 முதல் அவர் வெளியிட்ட லண்டன் தட்பவெப்ப நூலில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. சராசரியாக, இரவில் நகரம் வெளியூரைவிட 3.70 பாரன்ஹீட் டிகிரி அதிக வெப்பம். நம் கணக்கில் சுமார் 2 செல்சியஸ் டிகிரி. பகலிலோ நகரம் வெளியூரைவிட 0.34 பாரன்ஹீட் டிகிரி குளிர்ச்சி.

பகலில் கொஞ்சம் குளிர்ச்சி, இரவில் தெளிவாகச் சூடு. ஹோவர்ட் நிலக்கரி அடுப்புகளை முக்கியமான காரணமாகச் சொன்னார். குளிர்கால லண்டனுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் அடுப்பே எரியாத ஊர்களிலும் பிறகு இதே கதைதான் தெரியவந்தது. நகரம் பகலில் எவ்வளவு சூடாகிறது என்பதை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு புரியாது. பொழுது சாய்ந்தபின் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் கிராமம் எப்படிக் குளிர்கிறது என்று பார்ப்போம். தரை எப்போதும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 27 டிகிரியில் இருக்கும் தரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 460 வாட் அனுப்பும். வானமும் சும்மா இருப்பதில்லை. காற்றில் உள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். மேகமில்லாத ஓர் இரவில் வரவு செலவைக் கழித்தால் தரைக்கு நிகர இழப்பு சதுர மீட்டருக்கு 70 வாட் அளவில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். காற்று நன்றாக உலர்ந்த பனிக்காலத்தில் இது கூடும். மேகம் மூடினால் மிகவும் குறைந்துவிடும். மேகமூட்டமான இரவு புழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலர்ந்த மண்ணுக்கு இந்த 70 வாட்டே போதும். மண் சூட்டை நன்றாகக் கடத்தாது. பகல் வெயில் அதன் மேல்தோலில் ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் சரியாக இறங்கியிருக்கும். கையில் இருப்பு குறைவு, செலவோ நிற்காமல் நடக்கிறது. அதனால் பொழுது சாய்ந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே மேல்மண் சில்லிட்டுவிடுகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. மேலே எழாமல் அப்படியே வயல்மேல் படுத்துக்கொள்கிறது.

தை மாதத்தில் சாயங்காலம் ஊர்ப்பக்கம் போயிருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். வைக்கோல் எரித்த புகையோ அடுப்புப் புகையோ மேலே போகாது. பனைமர உயரத்துக்கும் கீழே, வேட்டியை விரித்ததுபோல ஒரு தட்டையான படலமாக நிற்கும். அந்தப் படலம் நிற்கும் உயரம்தான் குளிர்ந்த காற்றின் கூரை. அதற்கு மேலே இருக்கும் காற்று கீழே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்.

இந்தக் காட்சியில்தான் ஹோவர்டின் புதிருக்குப் பாதி விடை இருக்கிறது. பகலில் வெயில் தரையைச் சுடவைக்க, சூடான காற்று எழுந்து, ஒன்று இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலக்கப்படுகிறது. நகரம் கூடுதலாகத் தரும் சூடும் அந்தப் பெரிய அண்டாவில் கரைந்துபோகிறது. அதனால் பகலில் வெப்பமானி அதிகம் வித்தியாசம் காட்டுவதில்லை. இரவில் கலக்கல் நின்றுவிடுகிறது. கணக்கில் வருவது தரையை ஒட்டிய ஒரு மெல்லிய படலம்தான். ஒரு கிலோமீட்டர் உயரக் காற்றை 1 டிகிரி மாற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே 50 மீட்டர் உயரக் காற்றை 1 டிகிரி மாற்றிவிடலாம். சின்ன வித்தியாசம்கூட இரவில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

சரி, மறுபாதிக்கு நகரத்துக்குள் வருவோம். ஒரு வீட்டின் மொட்டை மாடியை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து அங்குல கான்கிரீட் தளம், ஒரு சதுர மீட்டர் அளவு. அதன் எடை சுமார் 300 கிலோ. கோடை மாலையில் அது 45 டிகிரியில் இருக்கிறது, நமக்கு 30 டிகிரிக்கு வர வேண்டும். ஒரு கிலோ கான்கிரீட்டை 1 டிகிரி ஆறவைக்கச் சுமார் 0.88 கிலோஜூல் வெளியேற வேண்டும். 300 கிலோவை 15 டிகிரி ஆறவைக்க ஏறக்குறைய 4,000 கிலோஜூல். 70 வாட் என்பது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 250 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால் பதினாறு மணி நேரம் வருகிறது. நம் கோடை இரவோ பதினோரு மணி நேரம்தான்.

உண்மையில் தளம் சூடாக இருக்கும்போது 70 வாட்டைவிட அதிகமாகவே இழக்கும். காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பதினாறு என்பது மிகையான கணக்கு. பாதியாக்கி எட்டு மணி நேரம் என்று வைத்தாலும், ஆறரைக்குத் தொடங்கினால் ராத்திரி இரண்டரை மணி ஆகிவிடுகிறது. அதுவரை தளம் தன் சூட்டை மேலே வானத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை, கீழே அறைக்குள்ளும் இறக்குகிறது. ஃபேன் போட்டால் அனல் காற்று வருகிறது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்களே, அந்த ஃபேன் கூரையை ஒட்டிய சூடான காற்றைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது.

மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கான்கிரீட் சூட்டை நன்றாகக் கடத்தும். பகல் வெயில் அதற்குள் உலர்ந்த மண்ணில் போவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஆழம் போகும். பகலில் மேற்பரப்பிலேயே சூட்டை வைத்துக்கொள்ளாமல் உள்ளே வாங்கிப் பதுக்குகிறது. அதனால் காலை நேரத்தில் நகரம் சுற்றுப்புறத்தைவிட மெதுவாகச் சூடேறும். ஹோவர்ட் கண்ட 0.34 டிகிரி பகல் குளிர்ச்சிக்குப் பின்னால் இதற்கும் பங்கு உண்டு. பதுக்கியதை வெளியே எடுக்கும் நேரம்தான் இரவு.

அடுத்தது தெருவின் வடிவம். மொட்டை மாடிக்காவது முழு வானம் தெரிகிறது. தெருவுக்கு? கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய டிம் ஓக் இதை ஆழமாகப் பார்த்தவர். தெருவின் சிறு மாதிரிகளைச் செய்து ஆறவைத்துப் பார்த்து, நிஜ நகரங்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, 1981ல் வெளியிட்டார். அவர் கையாண்ட அளவு மிக எளியது: தெருவில் நிற்கும் ஓர் இடத்துக்கு எவ்வளவு வானம் தெரிகிறது?

முப்பதடித் தெரு, இரண்டு பக்கமும் முப்பதடி உயரத்தில் மூன்று மாடி வீடுகள். நடுத்தெருவில் உள்ள தரை அனுப்பும் வெப்பக் கதிரில் சுமார் 45 சதவீதம்தான் வானத்தை எட்டும். மீதி எதிர்ச் சுவர்களில் மோதும். அந்தச் சுவர்களும் சூடானவை, அவை திரும்ப அனுப்பும். சுவரும் தரையும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்துக்கொண்டே இருக்கும். பத்தடிச் சந்து, அதே முப்பதடி வீடுகள் என்றால் வானத்தை எட்டுவது 16 சதவீதமாகிவிடும். தெரு அகலத்தையும் கட்டட உயரத்தையும் சேர்த்துப் பார்க்காமல், மாடி எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுவதில் பயனில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். அகலச் சாலையில் நான்கு மாடி, சந்தில் இரண்டு மாடியைவிட இரவில் நன்றாக ஆறும். காற்றோட்டமும் அப்படித்தான், குறுகிய சந்துக்குள் மெல்லிய காற்று இறங்குவதே இல்லை.

பகலில் இதே சந்து நிழல் தரும், அதையும் மறக்கக்கூடாது. பழைய ஊர்களின் குறுகிய தெருக்களில் மத்தியானம் நடக்க முடிவது அதனால்தான். பகலில் வெயிலை மறைக்கும் அதே சுவர், இரவில் வானத்தை மறைக்கிறது.

இனி தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மேலே நம் தளத்துக்குப் போட்ட 4,000 கிலோஜூலோடு ஒப்பிடுங்கள். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியானால் முடிந்துவிடும் கணக்கு அது. நீர் நன்றாக உள்ள பயிர் ஒரு பகலில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர்வரை சாதாரணமாக ஆவியாக்கும். வயலில் விழும் வெயிலில் பெரும்பகுதி இப்படியே போய்விடுவதால், மண்ணுக்குள் பதுங்க மிச்சம் அதிகமில்லை. நகரத்தில் மழைத்தண்ணீர் விழுந்த அரைமணியில் வடிகாலுக்குள் போய்விடுகிறது. ஆவியாக எதுவும் இல்லாததால் வெயில் முழுவதும் கல்லைச் சுடவைக்கும் வேலையைச் செய்கிறது.

சாயங்காலம் மொட்டை மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம் இல்லையா? அதிலும் இந்தக் கணக்கு தெரியும். ஊற்றிய தண்ணீர் குழாய் வழியே வழிந்து ஓடிவிட்டால், ஒரு லிட்டர் 10 டிகிரி சூடாகிப் போனாலும் எடுத்துப்போவது 42 கிலோஜூல்தான். அதே லிட்டர் அங்கேயே நின்று காய்ந்தால் 2,400. ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே தளத்தில் ஈரச் சாக்கை விரித்து, சொட்டச் சொட்ட நனைத்து வைப்பது குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட எவ்வளவோ மேல். தண்ணீர்ப் பஞ்ச ஊரில் இது சின்ன விஷயமில்லை. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் மெதுவாகத்தான் காயும். உள்மாவட்டங்களில் பலன் கூடுதல்.

மனிதர்கள் கூட்டும் சூடும் உண்டு. ஒரு டன் ஏசி அறையிலிருந்து மூன்றரை கிலோவாட் வெப்பத்தை எடுத்தால், தான் தின்னும் மின்சாரத்தையும் சேர்த்து நாலரை கிலோவாட் அளவில் வெளியே தள்ளும். நெருக்கமான சந்தில் ராத்திரி வரிசையாக ஏசி ஓடினால் ஏசி இல்லாத வீட்டின் ஜன்னலுக்கு அது வந்து சேரும். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் ஊர்களில் முதல் காரணம் கட்டடம் பதுக்கிய வெயில். ஏசி அதற்கு மேலே வருவது.

இதையெல்லாம் சேர்த்து ஓர் இரவை மணிக்கணக்கில் பார்த்தால் கதை இப்படிப் போகும். பொழுது சாயும்போது நகரமும் கிராமமும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருக்கும். அடுத்த சில மணி நேரம் கிராமம் சரசரவென்று இறங்கும், நகரம் தயங்கித் தயங்கி இறங்கும். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் வித்தியாசம் உச்சத்துக்கு வந்துவிடும். அதன்பின் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். விடிந்து வெயில் ஏற ஏற கிராமம் வேகமாகச் சூடாகி, நகரத்தை எட்டிப்பிடித்துவிடும். காற்று பலமாக அடிக்கும் இரவில் இந்தக் கதையே நடக்காது, எல்லாம் கலந்துபோகும்.

செய்தியில் வரும் எண்களைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். செயற்கைக்கோள் அளப்பது காற்றின் வெப்பத்தை அல்ல. மேலிருந்து தெரியும் கூரை, சாலை, மரத்தலை இவற்றின் மேற்பரப்பு வெப்பத்தை. ‘இந்தப் பகுதி பத்து டிகிரி அதிகம்’ என்று படம் போட்டால், அங்கே நடப்பவர் சுவாசிக்கும் காற்று பத்து டிகிரி அதிகம் என்று பொருளல்ல. இந்தியாவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பருவமழைக்கு முந்திய கோடையில் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் தரிசு நிலம், பூங்காவும் மரமும் உள்ள நகரத்தைவிடப் பகலில் அதிகமாகச் சுடும். அந்தப் பகல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் நகரம்தான் குளிர்ச்சி என்று சொல்லிவிடக்கூடும். அதே இடத்தின் இரவுப் படத்தில் நகரம் சிவப்பாகத் தெரியும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். இரண்டு சாதாரண டிஜிட்டல் வெப்பமானி, நகரத்தில் ஒருவர், வெளியூரில் ஒருவர் போதும். முதலில் இரண்டு கருவிகளையும் ஒரே மேசையில் அரைமணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மலிவான கருவிகள் ஒரு டிகிரி தள்ளிக் காட்டுவது சகஜம். இதை விட்டால் உங்கள் முடிவு முழுவதும் கருவியின் பிழையாகவே இருக்கலாம். மேகமும் காற்றும் இல்லாத இரவு, பத்து மணி, தரையிலிருந்து ஐந்தடி உயரம். சுவரில் மாட்டக்கூடாது, ஏசி வெளிப்பெட்டி அருகில் கூடாது, ஓட்டி நிறுத்திய பைக்கின் மேல் வைக்கவே கூடாது.

இடத் தேர்வுதான் இதில் சிரமம். சென்னையில் கடற்கரைப் பக்கம் ஒரு கருவியையும் செங்கல்பட்டு தாண்டி ஒன்றையும் வைத்தால், கிடைக்கும் வித்தியாசத்தில் கடலின் பங்கும் கலந்துவிடும். கடலோரம் கட்டடமே இல்லாவிட்டாலும் இரவு மெதுவாகத்தான் குளிரும். ஆகவே இரண்டு இடமும் கடலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். மதுரை, திருச்சி போன்ற, கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் இது சுலபம். வெளியூர் இடம் எப்படிப்பட்டது என்பதையும் எழுதிவையுங்கள். தண்ணீர் நிற்கும் நெல்வயலோ ஏரிக்கரையோ என்றால் ஈரம் சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாக ஆறும், வித்தியாசம் சின்னதாகத் தெரியும். உலர்ந்த மேட்டு நிலம் என்றால் பெரிதாகத் தெரியும். நகரம் மாறவில்லை, நீங்கள் எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதுதான் மாறியது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது சுண்ணாம்பு. பழைய கான்கிரீட் தளம் வெயிலில் நான்கில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக வெள்ளையடித்த தளம் மூன்றில் இரண்டு பங்கு வரை அனுப்பும். பகலில் உள்ளே போகாத சூட்டை இரவில் வெளியேற்ற வேண்டிய வேலையே இல்லை. அதோடு வெள்ளைச் சுண்ணாம்பு இரவில் வெப்பக் கதிரை நன்றாக வெளியே விடும். பளபளக்கும் உலோகத் தகடு அப்படி விடாது. ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும், ஒவ்வொரு கோடைக்கு முன்பும் திரும்ப அடிக்க வேண்டும்.

மரம் பற்றி மட்டும் ஒரு திருத்தம். பகலில் அதற்கு ஈடு கிடையாது. நிழலும் தருகிறது, தண்ணீரையும் ஆவியாக்குகிறது, சுவரில் வெயில் படாமல் காக்கிறது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்பு நின்றால் என் ராத்திரி பத்து மணிப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் அடர்ந்த இலைக் கூரைக்குக் கீழே இரவில் வானம் தெரியாது, தரையின் கதிர் இலைகளில் மோதித் திரும்பும். எங்கள் பாட்டி மத்தியானம் முழுக்கப் புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். விளக்கு வைத்ததும் அந்தக் கட்டிலை இழுத்துக்கொண்டுபோய்க் களத்து நடுவில், மேலே ஒன்றும் இல்லாத இடத்தில் போடச் சொல்வார்.